பாப்கா: மேலே கருகுது, நடுவில் மாவு வேகலை. எங்கே தப்பு?

கவிதா_ஈரோடு

சாக்லேட் பாப்கா, அதான் பூரணம் வெச்சு முறுக்கின இனிப்பு ரொட்டி, செய்யறது இது மூணாவது தடவை. மேல்பக்கம் நல்லா கருஞ்சிவப்பா வந்துடுது. அறுத்துப் பார்த்தா நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு மாவு அப்படியே பிசுபிசுன்னு இருக்கு. ஆறினதும் நடு மட்டும் குழியா இறங்கிடுது.

செஞ்சது இதுதான். மைதா 280 கிராம், சர்க்கரை 50, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5, உப்பு 4, முட்டை 1, பால் 100 மி.லி., வெண்ணெய் 75. பூரணத்துக்கு டார்க் சாக்லேட் 70, வெண்ணெய் 50, பொடிச்ச சர்க்கரை 30, கோகோ 20. ஓடிஜியில 200 டிகிரி, 30 நிமிஷம், ரெண்டு ராடும் ஆன். டின் 8-க்கு 4 இன்ச். சுருட்டி, நீளவாக்குல ரெண்டா வெட்டி, முறுக்கி வெச்சேன். குச்சி விட்டுப் பார்த்தா எப்பவுமே ஈரமா வருது. அது சாக்லேட்டா மாவான்னே தெரியலை.

சுந்தர்62

பூரணம் அதிகம்மா. வெண்ணெய் 50 கிராம் உருகி மாவுக்குள்ள இறங்கினா எப்படி வேகும்? பாதியாக் குறைங்க, சரியாயிடும். பொங்கினதும் பத்தலைனு நினைக்கிறேன். ஈஸ்ட் பழசா இருக்கலாம்.

பின்னல்_பிரியா

மூணு புரியா பின்னிப் பாருங்க. சடை பின்ற மாதிரிதான், மேலே முட்டை பூசி எள்ளு தூவினா போதும். டின்னே வேண்டாம், தட்டுல வெச்சு சுட்டா 25 நிமிஷத்துல வெந்துடும்.

அடுமனை_ராஜா

பிரியா, நீங்க சொல்றது ஹல்லா, யூதர்களோட பின்னல் ரொட்டி. அதுல உள்ளே பூரணம் கிடையாது, அதனால தட்டிலேயே நிக்கும். பாப்காவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். போலந்து, உக்ரைன் பக்கத்து யூதக் குடும்பங்கள் மிஞ்சின ஹல்லா மாவில ஜாமோ பட்டையோ தடவிச் சுருட்டிச் சுட்டது. சாக்லேட் சேர்ந்தது பின்னாடி அமெரிக்காவில. ஆனா வெட்டு முகம் மேலே தெரியற மாதிரி முறுக்கிட்டா, டின் இல்லாமல் வெச்சால் பூரணம் வழிஞ்சு தட்டில கருகும். கவிதாவுக்கு டின் வேணும்.

சுந்தர் சார் சொன்னதில பாதி சரி. பூரணத்துக்குப் பக்கத்தில இருக்கற மாவு மெதுவாத்தான் வேகும். ஆனா 280 கிராம் மாவுக்கு 170 கிராம் பூரணம் ஒண்ணும் மிகை இல்லை. ஈஸ்ட் செத்திருந்தா ரொட்டி செங்கல் மாதிரி இருக்கும், மேல்பக்கம் உப்பி நடு இறங்காது. குழி விழுதுன்னா அது பொங்கியிருக்கு, ஆனா உள்ளே வேகாததால சுவர் நிக்கலை.

எனக்கு டின் மேலதான் சந்தேகம். கவிதா, டின்னில விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி அளந்து சொல்லுங்க. அடுப்புக்குள்ள தெர்மாமீட்டர் இருந்தா, 200-ல வெச்சா உள்ளே நிஜமா எவ்வளவு காட்டுதுன்னும் பாருங்க. டின் எந்தத் தட்டில வெச்சீங்க?

கவிதா_ஈரோடு

தண்ணி 1100 மி.லி. பிடிச்சுது. நடுத் தட்டு. டின்னோட தலைக்கும் மேல் ராடுக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கும். தெர்மாமீட்டர் வெச்சேன் அண்ணா, 200-ல வெச்சா 215 காட்டுது.

அடுமனை_ராஜா

அப்போ காரணம் மூணும் ஒரே பக்கம் தள்ளுது.

முதல்ல டின். உங்க மாவையும் பூரணத்தையும் கூட்டினா 730 கிராமுக்கு மேல வரும். இந்த மாதிரி வெண்ணெய் மாவுக்கு நான் வெச்சிருக்கற கணக்கு, டின் பிடிக்கற ஒவ்வொரு 100 மி.லி.க்கும் சுமார் 40 கிராம். 1100 மி.லி. டின்னுக்கு 440 கிராம் போதும். நீங்க அதுமாதிரி ஒண்ணரை மடங்குக்கு மேல அடைச்சிருக்கீங்க. அது பொங்கி மேலே ஏறி ராடுக்குப் பக்கத்தில போயிருக்கும். நடுவுக்கு வெப்பம் போக வேண்டிய தூரமும் கூடிப் போச்சு. 9-க்கு 5 இன்ச் டின் 1.8 லிட்டர் பக்கம் பிடிக்கும். உங்க அளவு அதுக்கானது.

ரெண்டாவது சூடு. சர்க்கரை, பால், முட்டை மூணும் இருக்கற மாவு சீக்கிரம் நிறம் எடுக்கும். 215-ல அது 15 நிமிஷத்திலேயே சிவந்துடும். சிவந்ததைப் பார்த்துப் பயந்து வெளியே எடுத்துடறோம், உள்ளே அப்போதான் சூடு ஏறிட்டு இருக்கும்.

மூணாவது மேல் ராடு. பெரிய அடுமனை அடுப்பில சூடு நாலா பக்கமும் பரவும். ஓடிஜியில ராடு எங்கே இருக்கோ அங்கேதான் அடி.

அடுத்த தடவை கீழ்த் தட்டில வைங்க. நிஜமான 170 முதல் 175 டிகிரி இருக்கணும், உங்க குமிழில அது 155, 160 பக்கம் வரும். தெர்மாமீட்டரை நம்புங்க. 20 நிமிஷம் ஆனதும் நிறம் பார்த்து, அலுமினிய ஃபாயிலைக் கூடாரம் மாதிரி தளர்வா மூடுங்க. இறுக்கிச் சுத்தினா உள்ளே ஆவி தங்கி மேல்தோல் ஊறிப் போகும். சின்ன டின்னுல 440 கிராம்னா மொத்தம் 32 முதல் 36 நிமிஷம். பெரிய டின்னுல முழு அளவுன்னா 40 முதல் 48. நிமிஷம் கணக்கு முடிவு இல்லை, உள்சூடுதான் முடிவு.

கவிதா_ஈரோடு

உள்சூடு எப்படிப் பார்க்கறது அண்ணா? கறிக்கு வாங்கின குத்துற தெர்மாமீட்டர் இருக்கு.

அடுமனை_ராஜா

அதே போதும். நடுப்பகுதியில, மேலிருந்து பாதி ஆழத்துக்கு விடுங்க. பூரணக் கோட்டில விடாதீங்க. மாவு வெளுப்பாத் தெரியற பட்டையில விடுங்க. முனை டின்னோட அடியைத் தொட்டா டின்னோட சூட்டைக் காட்டும், ஏமாந்துடுவீங்க. ரெண்டு மூணு இடத்தில பாருங்க. எது குறைவோ அதுதான் கணக்கு. 88 முதல் 90 டிகிரி வந்தா வெந்துடுச்சு. 82, 83-ல எடுத்தா நீங்க சொன்ன அதே பிசுபிசுப்புதான். 96-க்கு மேல போனா வறண்டு போகும்.

இன்னொண்ணு. பூரணம் சுருண்டு சுருண்டு இருக்கறதால, ஒரே ரொட்டியில ஒரு அங்குலம் தள்ளினா 4, 5 டிகிரி வித்தியாசம் வரலாம். ஒரு குத்தில 91 வந்துடுச்சுன்னு அடுப்பை அணைச்சிடாதீங்க.

மிதுனா_கோவை

தெர்மாமீட்டர் இல்லாதவங்க என்ன பண்றது?

யாழ்_தர்ஷினி

மெல்லிய குச்சி விட்டு எடுத்து, அதிலே ஒட்டினதை ரெண்டு விரலாலையும் தேய்ச்சுப் பாருங்கோ. சாக்லேட் எண்டால் வழுக்கிக்கொண்டு பரவும். மா எண்டால் திரண்டு உருளும், நூல் மாதிரி இழுபடும். குச்சி ஈரமா வாறதை மட்டும் பார்த்தால் சாக்லேட் பாப்காவிலே ஒண்டும் தெரியாது. மற்றது, முறுக்கின ரெண்டு இழையும் சந்திக்கிற இடத்தை விரலாலே மெல்ல அமத்துங்கோ. அமத்தின இடம் திரும்பி வந்தால் கிட்டத்தட்ட சரி. பள்ளமா நிண்டால் இன்னும் நேரம் வேணும்.

போறணையிலே இருந்து எடுத்த உடனே சந்தேகம் வந்தால் திருப்பி உள்ளே வைக்கலாம். ஆறவிட்டு வெட்டின பிறகு வேகாத மா எண்டு கண்டுபிடிச்சால் ஒண்டும் செய்ய ஏலாது. துண்டுகளை வாட்டித் தின்ன வேண்டியதுதான்.

சுந்தர்62

ராஜா தம்பி டின் கணக்கு சரியாத்தான் படுது. ஆனா முறுக்கறதில ஒண்ணு கேக்கணும். எனக்கு நடு எப்பவும் பருத்துப் போகுது, ரெண்டு ஓரமும் ஒல்லி. பாம்பு எலி முழுங்கின மாதிரி. நடு வேகாததுக்கு அதுவும் காரணமா இருக்குமே?

அடுமனை_ராஜா

கட்டாயம் காரணம்தான் சார், அதை நான் சொல்லாம விட்டுட்டேன். உருவம் கொடுக்கறதைத் தனியாவே எழுதறேன்.

மாவைப் பிசைஞ்சு, அரை மணி நேரம் வெளியே வெச்சுட்டு, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில வைங்க. 8 முதல் 12 மணி நேரம். வெண்ணெய் இறுகினாத்தான் மாவு சொன்ன பேச்சு கேக்கும். சூடான மாவைத் தேய்க்கப் போனா இழுத்த இடத்திலிருந்து திரும்பச் சுருங்கும், பூரணமும் கரைஞ்சு ஊடுருவும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 30-க்கு 40 செ.மீ. செவ்வகமாத் தேயுங்க. கனம் 4 மி.மீ. பக்கம் வரும். மூலைகள் சரியா சதுரமா இருக்கணும். மூலை உருண்டு போனா சுருட்டினதும் ஓரம் ஒல்லியாகும். சார், உங்க எலி அங்கேதான் ஒளிஞ்சிருக்கு. பூரணம் சூடா இருக்கக் கூடாது, தொட்டா குளுமையா இருந்து கத்தியில தடவ வரணும். ஒரு நீளப் பக்கத்தில மட்டும் 2 செ.மீ. வெறுமனே விட்டு, அந்த விளிம்பில தண்ணி தொட்டு வைங்க.

எதிர்ப் பக்கத்திலிருந்து இறுக்கிச் சுருட்டுங்க. 40 செ.மீ. நீள உருளை வரும். நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் உள்ளங்கையால லேசா உருட்டிச் சமமாக்குங்க. ஒட்டின தையல் கீழே இருக்கட்டும். இதை அப்படியே தட்டோட ஃப்ரீசரில 15, 20 நிமிஷம் வைங்க. இந்தப் படியை விட்டாத்தான் பூரணம் பிதுங்கி வெட்டு முகம் சேறாயிடும்.

பிறகு கூரான கத்தியால நீளவாக்கில ரெண்டா. அறுக்க வேண்டாம், மேலிருந்து அழுத்தி இறக்குங்க. ரெண்டு பாதியையும் வெட்டு முகம் மேலே தெரியற மாதிரி பக்கத்தில பக்கத்தில வெச்சு, நடுவில ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் கூட்டல் குறி மாதிரி குறுக்கே வைங்க. அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு முறுக்கு, மேல்நோக்கி ஒரு முறுக்கு. ஒரு முனையிலிருந்து ஆரம்பிச்சா மறு முனையில இழை இழுபட்டு ஒல்லியாகும். ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் வெட்டு முகத்தை மேலே திருப்பிக்கோங்க. இறுக்க வேண்டாம், இழைக்கு நடுவில மாவு பொங்க இடம் வேணும். கடைசியா ரெண்டு ஓரத்தையும் உள்பக்கமாத் தள்ளி, நீளத்தைச் சுருக்கி டின்னில இறக்குங்க. நடு பருமனாத் தெரிஞ்சா அங்கே அழுத்தாதீங்க, ஓரத்தை நடுவை நோக்கித் தள்ளுங்க.

மிதுனா_கோவை

வெட்டாம அப்படியே முறுக்கக் கூடாதா? ஒரு படத்தில மேலே பொடிப்பொடியா ஏதோ தூவி, வெட்டு தெரியாம இருந்துச்சு.

அடுமனை_ராஜா

அது நியூயார்க் யூதக் கடைகளின் பழைய வகை. உருளையை வெட்டாம மடிச்சு முறுக்கி டின்னில வெச்சு, மேலே வெண்ணெய், மாவு, சர்க்கரை உதிரி போடுவாங்க. வெட்டி முறுக்கி சர்க்கரைப் பாகு பூசறது இஸ்ரேலில கிரான்ட்ஸ்னு சொல்ற வகை. வெட்டாத வகையில பூரணம் வழியாது, ஆனா உள்ளே ஆவி வெளியே போக வழி இல்லாம ஓட்டை பெரிசா விழும். எனக்குப் பிடிச்சது வெட்டினதுதான்.

யாழ்_தர்ஷினி

ஓட்டை எண்டதாலே ஒரு விசயம் சொல்லோணும். கறுவாப் பூரணத்திலேதான் இது கூட வரும். நீங்கள் பட்டை எண்டு சொல்லுறது எங்கடை கறுவா. உருகின வெண்ணெய் பூசி அதிலே சீனியும் கறுவாத்தூளும் தூவினால், போறணையிலே சீனி உருகி, மாவும் மாவும் ஒட்டாமல் வெறும் இடைவெளி நிக்கும். வெட்டேக்கை சுருள் பிரிஞ்சு பாயாட்டம் விரியும்.

நான் செய்யிற முறை: பழுப்புச் சீனி 80 கிராம், கறுவாத்தூள் 8 கிராம், கோதுமை மா 10 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் இல்லை. தேய்ச்ச மாவுக்கு மேலே முட்டை அடிச்சு மெல்லிசாப் பூசி, பிறகு இதைத் தூவி, உருளைக்கட்டையாலே ஒருதரம் லேசா ஓட்டுவன். முட்டை வேகேக்கை ஒட்டிப் பிடிக்கும், மா உருகின சீனியைத் தடிப்பாக்கும்.

கறுவாவை மாவுக்குள்ளே போட்டுப் பிசையாதேங்கோ. அதிலே உள்ள எண்ணெய் ஈஸ்டை மந்தமாக்கும்.

அடுமனை_ராஜா

முட்டை ஒட்டும்னு ஒத்துக்கறேன். ஆனா வெண்ணெய் இல்லாத பட்டைப் பூரணம் எனக்கு வறட்டுச் சர்க்கரை மாதிரி இருக்கும். 45 கிராம் மெத்துன்னு இருக்கற வெண்ணெயில அதே சர்க்கரை, பட்டை, மாவு எல்லாத்தையும் குழைச்சுப் பசையாத் தடவினா பெரும்பாலும் ஒட்டிக்கும். உருக்கின வெண்ணெய்தான் எதிரி.

யாழ்_தர்ஷினி

"பெரும்பாலும்" எண்டு நீங்களே சொல்லுறியள்.

அடுமனை_ராஜா

அக்கா, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சுந்தர்62

இங்கே மளிகைக் கடையில கிடைக்கற பட்டை பெரும்பாலும் கேஸியா, தடிமனா இருக்கும். காரம் தூக்கல். 8 கிராம் போட்டா நாக்கு எரியும், 5 போதும். சிலோன் பட்டை மெல்லிசா சுருட்டு மாதிரி பல அடுக்கா இருக்கும், அதுக்குத்தான் 8. நாட்டுச் சர்க்கரை போட்டா சலிச்சுக்கோங்க. கட்டி நின்னா அந்த இடத்தில பாகு ஓடி ஓட்டையாகும்.

மிதுனா_கோவை

முட்டை சேர்க்காம?

அடுமனை_ராஜா

மாவில 50 கிராம் முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 45 கிராம், பால் பவுடர் 10 கிராம். கொஞ்சம் குறைவாப் பொங்கும், நிறமும் மெதுவா ஏறும். அதைப் பார்த்து சூட்டைக் கூட்டாதீங்க. உள்சூடு கணக்கு அதேதான்.

கவிதா_ஈரோடு

டின்னில வெச்சப்புறம் எவ்வளவு நேரம் விடணும் அண்ணா? ஈரோட்டுல இப்போ சமையலறை 34 டிகிரி.

அடுமனை_ராஜா

34-ல விடாதீங்க. மாவிலிருக்கற வெண்ணெயே இளகிக் கசியும், சாக்லேட் பூரணம் அடியில குட்டையாத் தேங்கும். 25, 27 டிகிரி இடம் தேடுங்க. ஏசி அறை, இல்லைன்னா அடுப்பு அணைஞ்ச ஓடிஜிக்குள்ள குளிர்ந்த தண்ணிப் பாத்திரத்தோட. ஃபிரிட்ஜ் குளிரோட இருக்கற மாவு ஆனதால ஒண்ணரை மணி நேரம், சில சமயம் ரெண்டு. விரலால அழுத்தினா பள்ளம் மெதுவா பாதி வரைக்கும் நிரம்பணும். சட்டுனு குதிச்சு வந்தா இன்னும் விடணும். வரவே இல்லைன்னா தாண்டிடுச்சு, உடனே அடுப்பில வைங்க. விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிக்கும்போதே நான் வெச்சிடுவேன்.

பாகு: சர்க்கரை 60 கிராம், தண்ணி 50 மி.லி., கொதிச்சு சர்க்கரை கரைஞ்சா போதும். ரொட்டி வெளியே வந்த உடனே சூட்டோட மொத்தத்தையும் பூசுங்க. அதிகமாத் தெரியும், உறிஞ்சிடும். 15 நிமிஷம் டின்னிலேயே இருந்துட்டு கம்பித் தட்டுக்கு மாத்துங்க. பாகு உள்ளே வேகாததை மறைக்கும், வேக வைக்காது. முதல்ல தெர்மாமீட்டர், அப்புறம்தான் பாகு.

சுந்தர்62

பாகு பூசினா மேலே மொறுமொறுப்புப் போயிடுதே. நான் பூசறதில்லை.

அடுமனை_ராஜா

ஒரே நாளில தின்னு முடிக்கறதா இருந்தா விட்டுடலாம் சார். ரெண்டாம் நாள் வறண்டு போகாம இருக்கத்தான் பாகு.

கவிதா_ஈரோடு

நேத்து செஞ்சேன். மாவு, பூரணம் எல்லாம் சேர்த்துத் தராசில 732 கிராம். உருளையை முறுக்கறதுக்கு முன்னாடியே ஓரத்துல ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டு, 440 கிராம் மட்டும் முறுக்கி டின்னுல வெச்சேன். மீதி 290-ஐ ஆறு துண்டாக்கி, வெட்டு முகம் மேலே இருக்க கப்கேக் அச்சில போட்டேன்.

கீழ்த் தட்டு, உள்ளே 172 காட்டுச்சு. 21-வது நிமிஷம் ஃபாயில். 32-ல குத்தினேன்: இடது ஓரம் 92, நடுவுல வெளுத்த பட்டையில 84. திரும்ப வெச்சு 38-ல நடு 89. எடுத்துட்டேன். ஆறினதும் குழி விழலை, நடுவுல ஈரமே இல்லை. அச்சில இருந்த ஆறும் 18 நிமிஷத்துல 90 தாண்டிடுச்சு, அது கொஞ்சம் வறட்சிதான்.

ஆனா மேல்தோலுக்குக் கீழே ஒரு இடத்துல விரல் நுழையற ஓட்டை. சாக்லேட்தான், பட்டை இல்லை. முட்டையும் பூசலை.

யாழ்_தர்ஷினி

அந்த இடத்திலே பூரணம் தடிச்சு நிண்டதோ? அடுத்த முறை ஓரத்தை விட நடுவிலே மெல்லிசாத் தடவிப் பாருங்கோ.

அடுமனை_ராஜா

இல்லைன்னா சுருட்டும்போது அந்த முதல் சுத்து தளர்வா இருந்திருக்கும். வெட்டின துண்டோட படம் போடுங்க. ஓட்டையோட அடிப்பக்கம் பளபளப்பா சாக்லேட் ஒட்டியிருந்தா அக்கா சொன்னது, காஞ்ச மாவாத் தெரிஞ்சா நான் சொன்னது.

கவிதா_ஈரோடு

படம் எடுக்கறதுக்குள்ள அந்தத் துண்டு காலி அண்ணா.